நாங்கள் கொடுத்த ஆக்ஸிஜன்



2021ஆம் ஆண்டு கொரோனாவின் இரண்டாம் அலை ஓய்ந்தபோது எங்கள் பங்கில் ஓர் ஆக்ஸிஜன் செறிவூட்டும் கருவி மீதமிருந்தது. வெளிநாட்டில் வேலை செய்யும் பிள்ளைகள் பணம் சேர்த்து வாங்கி அனுப்பியது. அதை யாருக்குக் கொடுக்கலாம் என்று அன்பியக் கூட்டத்தில் பேசினோம். உடனே எல்லார் நினைவிலும் வந்தவர் தொண்டிக்கு வடக்கே கடற்கரைக் குடியிருப்பில் இருந்த பதினேழு வயதுத் தம்பி ஒருவர். அவருக்குத் தசைச்சிதைவு நோய். ஆறு ஆண்டுகளாக நடக்க முடியாமல் கட்டிலிலும் சக்கர நாற்காலியிலுமாக இருந்தார். அண்மைக் காலமாக மூச்சு வாங்குகிறது என்று அவருடைய தாய் சொல்லியிருந்தார்.

நானே கருவியைக் கொண்டுபோய் வைத்து, ஆசீர்வதித்து, இயக்கிக் காட்டிவிட்டு வந்தேன். விரலில் மாட்டும் கருவியில் 91 என்றிருந்த அளவு 98 ஆனது. எல்லாருக்கும் மகிழ்ச்சி. இரண்டு வாரம் கழித்து அந்தத் தாய் வந்து, "சாமி, புள்ள பகலெல்லாம் தூங்கிக்கிட்டே இருக்கான். எழுப்பினா தலைவலிங்கிறான். கூப்பிட்டா ஒரு மாதிரி முழிக்கிறான்" என்றார். நல்ல தூக்கம் வருகிறதே, கருவி வேலை செய்கிறது என்று நான் ஆறுதல் சொன்னேன். அது தவறு. நாங்கள் அன்போடு கொடுத்ததே அவருக்குத் தீங்கு செய்துகொண்டிருந்தது.

இந்தக் கட்டுரையை எழுத அந்தத் தவறே காரணம். நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகும் இயலாமையோடு வாழ்பவர்களின் வலியையும் மூச்சுத் திணறலையும் எப்படித் தணிப்பது, குடும்பத்தோடு உட்கார்ந்து எப்படித் திட்டமிடுவது என்பதை அந்த வீட்டில்தான் நான் கற்றுக்கொண்டேன். குடும்பத்தாரின் அனுமதியோடு, அடையாளம் காட்டாமல், அதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

தலைவலி சொன்ன செய்தி

அவருக்கு இருந்தது டுச்சென் வகைத் தசைச்சிதைவு. பெரும்பாலும் ஆண் பிள்ளைகளைத் தாக்கும் மரபணு நோய் இது. மூன்று, நான்கு வயதில் ஓடும்போது அடிக்கடி விழுவார்கள். தரையிலிருந்து எழும்போது கைகளைத் தொடையில் ஊன்றி எழுவார்கள். பத்து, பன்னிரண்டு வயதில் நடை நின்றுவிடும். பிறகு முதுகு வளையும். நோய் கால்களோடு நிற்பதில்லை. மூச்சை இழுக்கும் தசைகளும் இதயத் தசையும் மெல்ல மெல்ல வலுவிழக்கும். இன்றுவரை முற்றாகக் குணப்படுத்தும் மருந்து இல்லை.

மூச்சுத் தசை வலுவிழப்பதன் முதல் அடையாளம் மூச்சு வாங்குவது அல்ல. அது இரவில் தொடங்குகிறது. தூங்கும்போது மூச்சு ஆழமில்லாமல் போகிறது. அதனால் உடலிலிருந்து வெளியேற வேண்டிய கரியமில வாயு இரத்தத்தில் தங்கிவிடுகிறது. காலையில் எழுந்ததும் தலைவலி, பகலில் தூக்கக் கலக்கம், இரவில் அடிக்கடி விழிப்பு, கெட்ட கனவு, காலை உணவில் வெறுப்பு, படிப்பில் கவனமின்மை ஆகியவை அதன் அறிகுறிகள். இவற்றைப் பார்க்கும் பெற்றோர் பையனுக்கு மனச்சோர்வு என்று நினைப்பார்கள். நம்மில் சிலர் கண் பட்டுவிட்டது என்பார்கள்.

இந்த நிலையில் ஆக்ஸிஜனை மட்டும் கொடுத்தால் என்ன ஆகும்? விரல் கருவி காட்டும் எண் உயரும். ஆனால் அந்தக் கருவி ஆக்ஸிஜனை மட்டுமே அளக்கிறது. கரியமில வாயுவை அளப்பதில்லை. நெஞ்சு விரிவதற்கு வலு இல்லாதவருக்குத் தேவை அதிக ஆக்ஸிஜன் அல்ல. காற்றை உள்ளே தள்ளி, கெட்ட காற்று வெளியேற உதவும் ஒரு விசை. ஆக்ஸிஜன் மட்டும் கிடைக்கும்போது மூச்சு இன்னும் மந்தமாகலாம்; கரியமில வாயு இன்னும் கூடும்; மூளை மயங்கும். அந்தத் தம்பியின் தூக்கம் ஓய்வு அல்ல, மயக்கத்தின் தொடக்கம்.

மதுரையில் நுரையீரல் மருத்துவர் ஒருவர் மணிக்கட்டுத் தமனியிலிருந்து இரத்தம் எடுத்துப் பார்த்து இதை எங்களுக்கு விளக்கினார். "காற்று இருக்கிறது, பம்புதான் சோர்ந்திருக்கிறது" என்றார். எங்கள் மீனவர்களுக்கு அது உடனே விளங்கிவிட்டது. பைபாப் எனப்படும் சிறு கருவியைப் பரிந்துரைத்தார். மூக்கின்மேல் கவசம் போல மாட்டிக்கொண்டு தூங்க வேண்டும். மூச்சு இழுக்கும்போது அழுத்தம் கொடுத்துக் காற்றைத் தள்ளும். விடும்போது அழுத்தத்தைக் குறைக்கும். எவ்வளவு அழுத்தம் என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். முதல் மூன்று இரவுகள் தம்பி கவசத்தைப் பிடுங்கி எறிந்தார். பகலில் தொலைக்காட்சி பார்க்கும்போது அரை மணி நேரம் மாட்டிப் பழக்கியபின் ஏற்றுக்கொண்டார். சில நாள்களில் காலைத் தலைவலி நின்றுபோனது. வெகுநாள்களுக்குப் பிறகு அவர் காலையில் இட்லி கேட்டதைச் சொல்லி அவருடைய தாய் அழுதார்.

ஒன்றை இங்கே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தசை நோய் உள்ளவர்களுக்கு ஆக்ஸிஜனே கூடாது என்பதல்ல இதன் பொருள். நிமோனியா போன்ற நேரங்களில் அது தேவைப்படலாம். ஆனால் மருத்துவர் கரியமில வாயுவின் அளவைப் பார்க்காமல், நல்லெண்ணத்தை மட்டும் நம்பி வீட்டில் மாட்டிவிடக் கூடாது.

வலி எங்கே இருக்கிறது?

மூச்சுப் பிரச்சினை ஓரளவு அடங்கியபின் இன்னொன்று தெரிந்தது. அவருடைய தாய் ஓர் இரவில் எட்டு, பத்து முறை எழுந்துகொண்டிருந்தார். "அம்மா, திருப்பிப் போடு" என்பதே பையனின் இரவுச் செபமாக இருந்தது. நான் சந்திக்கப் போகும்போதெல்லாம், உன் வேதனையை ஆண்டவரின் பாடுகளோடு சேர்த்து ஒப்புக்கொடு தம்பி என்று சொல்லி வந்தேன். எங்கே வலிக்கிறது என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

கேட்டவர் ஒரு செவிலியர். தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்டது. சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்குக் கொண்டுவரும் திட்டமாகவே நம்மில் பலர் அதை அறிவோம். ஆனால் வட்டாரம்தோறும் ஓர் இயன்முறை மருத்துவரும், நோய் ஆதரவுச் சிகிச்சைக்கான ஒரு செவிலியரும் வீடு தேடி வருவதும் அதே திட்டத்தில் உண்டு. படுக்கையில் இருப்பவரைப் பற்றி ஊர் சுகாதாரப் பணியாளரிடம் சொன்னால் பெயரைப் பதிந்துகொள்வார்கள். அந்த வீட்டார் பதியவில்லை. அது புற்றுநோய்க்காரர்களுக்கு மட்டும் என்று நினைத்திருந்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

வந்த செவிலியர் கட்டிலருகே உட்கார்ந்து, தலையிலிருந்து பாதம் வரை ஒவ்வோர் இடமாகத் தொட்டுக் கேட்டார். வலி ஒன்றல்ல, நான்கு என்று தெரிந்தது. ஒருக்களித்துப் படுக்கும்போது அடியில் மாட்டும் காது மடல். மடங்கியே இறுகிப்போன இடுப்பும் முழங்காலும். சக்கர நாற்காலியில் சாய்ந்து சாய்ந்து உட்கார்ந்ததால் ஒரு பக்கத்து முதுகு. நான்காவது, யாருமே எதிர்பாராதது, மலச்சிக்கல். ஐந்து நாளாக வெளிக்குப் போகவில்லை என்பதை வெட்கத்தால் பையன் சொல்லவில்லை. அந்த வயிற்று உப்புசம் மூச்சையும் மேலே நெருக்கிக்கொண்டிருந்தது.

நான்கு வலிக்கும் நான்கு வழிகள். காதுக்கு, நடுவில் பள்ளம் வைத்துத் தைத்த இலவம்பஞ்சுத் தலையணை. முழங்கால்களுக்கு இடையில் ஒரு தலையணை, முதுகுக்குப் பின்னால் ஒன்று. இறுகிய மூட்டுகளை நாள்தோறும் இரண்டு வேளை வலிக்காத அளவுக்கு மெதுவாக நீட்டிவிடும் முறையை இயன்முறை மருத்துவர் தந்தைக்குக் கற்றுக்கொடுத்தார். நாற்காலியில் பக்கவாட்டில் அணை கட்டப்பட்டது. மலச்சிக்கலுக்கு மருந்து, வேளைக்குத் தண்ணீர். படுக்கப் போகுமுன் மருத்துவர் குறித்த அளவில் பாராசிட்டமால். ஒரே வாரத்தில் தாய் எழுவது மூன்று முறையாகக் குறைந்தது. மார்ஃபின் தேவைப்படவில்லை.

அந்தச் செவிலியர் இருமலுக்கும் வழி காட்டினார். இந்த நோயில் இருமும் வலு குறைவதால், சாதாரணச் சளியே நிமோனியாவாக மாறிவிடும். மருத்துவமனைகளில் கையால் அமுக்கிக் காற்றுத் தரும் ஆம்பு பையைக் கொண்டு, மூச்சை விடாமல் இரண்டு மூன்று முறை காற்றை நெஞ்சில் சேர்த்து, பிறகு அவர் இருமும் அதே நொடியில் விலா எலும்புக்குக் கீழே இரு கைகளாலும் மேல்நோக்கி அழுத்த வேண்டும். சாப்பிட்டவுடன் செய்யக் கூடாது. பயிற்சி பெற்றவரிடம் நேரில் பார்த்துத்தான் கற்க வேண்டும். விலை உயர்ந்த கருவி இல்லாத வீட்டில் இந்தக் கைகளே கருவி. தந்தை கடலுக்குப் போகும் நாள்களில் இதைச் செய்ய மரியாயின் சேனையில் இரண்டு பேரும், பக்கத்து வீட்டு இஸ்லாமிய இளைஞர் ஒருவரும் கற்றுக்கொண்டார்கள்.

ஒரு தாளில் எழுதியது

2023இல் அவருக்குப் பத்தொன்பது வயது. ஒரு காய்ச்சலில் மருத்துவமனைக்குப் போய்த் திரும்பியபின், அடுத்த முறை கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைக்க வேண்டி வரலாம் என்று மருத்துவர் தந்தையிடம் மட்டும் சொல்லியிருந்தார். தந்தை என்னிடம் வந்தார். "வேண்டாம்னு சொன்னா நாங்களே அவனைக் கொன்ன மாதிரி ஆகுமா சாமி?" என்று கேட்டார். மூன்று நாள் அவர் கடலுக்குப் போகவில்லை.

அன்பர்களே, இந்தக் கேள்விக்குத் திருச்சபை தெளிவாகவே பதில் தந்திருக்கிறது. நாம்தான் மக்களிடம் எடுத்துச் சொல்வதில்லை. திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1957இல் மயக்க மருந்து மருத்துவர்களிடம் இரண்டு முறை இதைப் பற்றிப் பேசினார். வலியைத் தணிக்க வேறு வழியில்லாதபோது, உயிர்க்காலம் ஓரளவு குறையலாம் என்றாலும் மருந்து கொடுக்கலாம் என்று பிப்ரவரியில் விளக்கினார்; நோக்கம் வலியைத் தணிப்பதாகவே இருக்க வேண்டும். நோயாளிக்குப் பெருஞ்சுமையாகும் அசாதாரண சிகிச்சைகளை ஏற்றே ஆக வேண்டும் என்ற கடமை இல்லை என்று நவம்பரில் கூறினார். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் (எண் 2278, 2279), 2020இல் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் வெளியிட்ட 'நல்ல சமாரியர்' மடலும் இதையே உறுதி செய்கின்றன. உயிரை முடிப்பதற்காகச் செய்யும் செயல் கொலை. பலனை விடச் சுமையே மிகுந்த சிகிச்சையை விடுவது, சாவைத் தடுக்க முடியாது என்பதை ஏற்பது. உணவு, தண்ணீர், சுத்தம், அன்பான கவனிப்பு ஆகியவற்றை மட்டும் காரணமின்றி நிறுத்திவிடக் கூடாது.

பார்க்கின்சன் நோயால் பல்லாண்டு தளர்ந்த புனித இரண்டாம் யோவான் பவுலை நாம் எல்லாரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். 2005 பிப்ரவரி 24 அன்று அவருக்குக் கழுத்தில் துளையிடும் அறுவை நடந்தது, அதை ஏற்றார். மார்ச் 31 அன்று நிலைமை மோசமானபோது மீண்டும் ஜெமல்லி மருத்துவமனைக்குப் போகாமல் தம் அறையிலேயே இருந்தார். ஏப்ரல் 2 அன்று அங்கேயே இறந்தார். ஏற்றதும் சரி, போகாததும் சரி. ஒரே மனிதர், வெவ்வேறு நேரம்.

எனவே தந்தையிடம், "கேள்வியை நீங்களும் நானும் பேசி முடிக்கக் கூடாது, தம்பியிடம் கேட்க வேண்டும்" என்றேன். ஒரு ஞாயிறு மாலை பெற்றோர், அக்கா, செவிலியர், நான் எல்லாரும் அவருடைய கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தோம். சாவைப் பற்றிப் பேசி யாரும் தொடங்கவில்லை. உனக்கு எது முக்கியம், எதைக் கண்டு பயப்படுகிறாய் என்று செவிலியர் கேட்டார். வெகுநேரம் மௌனம். பிறகு அவர், "மூச்சு முட்டிச் சாகப் பயமா இருக்கு. பேச முடியாமப் போறதும் பயம். அம்மா தூங்கணும்" என்றார். மூன்று வாக்கியங்களில் முழுத் திட்டமும் இருந்தது.

அதை ஒரே தாளில் எழுதினோம். மேலே நோயின் பெயர், மருந்துகள், பைபாப் கருவியின் அளவுகள். அடுத்து எந்த மருத்துவமனைக்குப் போனாலும் காட்ட வேண்டிய மூன்று எச்சரிக்கைகள்: மூச்சுக் கருவி இல்லாமல் ஆக்ஸிஜன் மட்டும் தர வேண்டாம், அறுவை என்றால் சக்சினைல்கோலினும், முகர்ந்து மயங்கச் செய்யும் வாயு மருந்துகளும் இந்த நோய்க்கு ஆபத்து என்று மயக்க மருந்து மருத்துவரிடம் சொல்ல வேண்டும், உண்டுவரும் ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென நிறுத்தக் கூடாது. அதன் கீழே அவருடைய விருப்பம்: சளி, காய்ச்சல் என்றால் மருத்துவமனை, கவசக் கருவி, ஊசி மருந்து எல்லாம் சரி, கழுத்தில் துளை வேண்டாம், தேறாது என்று மருத்துவர் சொன்னால் வீட்டுக்கு. கடைசியில், மின்சாரம் போனால் எந்த வீட்டு இன்வெர்ட்டர், யார் வண்டி, இரவில் யாரை எழுப்புவது. புயல் எச்சரிக்கை வந்தால் கரையோரத்தில் இரண்டு மூன்று நாள் மின்சாரம் இராது என்பதை நாம் அறிவோம். எச்சரிக்கை வந்தவுடனே இடம் மாற வேண்டும் என்றும் எழுதினோம்.

இது குடும்பத்துக்கான தாள். சட்ட ஆவணம் அல்ல. சட்டப்படி முன்கூட்டியே மருத்துவ விருப்பம் எழுதும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று ஏற்றது. நடைமுறை கடினமாக இருந்ததால் 2023 ஜனவரி 24 அன்று எளிதாக்கியது. பதினெட்டு வயது நிறைந்தவர் இரண்டு சாட்சிகள் முன்னிலையில் எழுதி, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியிடம் சான்று பெறலாம். மருத்துவமனையில் அதைச் செயல்படுத்த இரண்டு மருத்துவக் குழுக்கள் ஒப்ப வேண்டும். உயிரைப் போக்க ஊசி போடுவதை இந்தச் சட்டம் அனுமதிக்கவில்லை என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

கடைசி வாரம்

2024 மழைக்காலத்தில் அவருடைய இதயம் தளர்ந்தது. பகலிலும் பைபாப் தேவைப்பட்டது. பைபாப் போட்டும் மூச்சு முட்டுகிறது என்றார். மருத்துவமனையில் செய்யக்கூடியது இனிக் குறைவு என்று மருத்துவர் சொன்னார். தாளில் எழுதியபடி வீட்டுக்கு வந்தார்.

அப்போதுதான் மார்ஃபின் தேவைப்பட்டது. மார்ஃபின் என்றாலே மூச்சை நிறுத்திவிடும் என்று உறவினர் பயந்தார்கள். மருத்துவர் குறித்தது வாய்வழியாக 2.5 மில்லிகிராம், 10 மில்லிகிராம் மாத்திரையில் கால் பங்கு. மூச்சுக் கருவியோடு சேர்த்து, மிகக் குறைந்த அளவில் தொடங்கி, தூக்கக் கலக்கத்தைக் கவனித்தபடி கொடுக்கும்போது, அது மூச்சு முட்டுகிறது என்ற பதற்றத்தை அடக்குகிறது. மலச்சிக்கல் நிச்சயம் வரும் என்பதால் அதற்கான மருந்தும் முதல் நாளிலிருந்தே உடன் வேண்டும். முகத்தில் மெல்லிய மின்விசிறிக் காற்றும், தலைப்பக்கத்தை உயர்த்தி வைப்பதும் கூடுதலாக உதவின.

இந்த மாத்திரை தொண்டிக் கடைகளில் கிடைக்காது. போதைப்பொருள் சட்டம் 2014இல் திருத்தப்பட்டபின் உரிமங்கள் எளிதாயின. ஆயினும் அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்களில் மட்டுமே பெறலாம். மழையில் அதற்காக மதுரை வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் போய்வர வேண்டியிருந்தது. தேவைப்படும் நாளில் அலையாமல் முன்னதாகவே ஏற்பாடு செய்திருக்க வேண்டும் என்பதை எங்கள் தாளில் எழுத மறந்துவிட்டோம். அந்த ஒன்றரை நாள் அவர் பட்ட பாட்டை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. இப்போது நாங்கள் எழுதும் தாள்களில் அது முதல் வரிகளில் இருக்கிறது.

மாத்திரை வந்த இரவு அவர் தூங்கினார். தாயும் தூங்கினார். அடுத்த நாள் நோயில் பூசுதலும் நற்கருணையும் கொடுத்தேன். அரைத் துண்டு அப்பத்தை ஒரு கரண்டித் தண்ணீரோடு விழுங்கினார். கழுத்தில் குழாய் இல்லாததால் பேச முடிந்தது. அக்காவோடு ஏதோ சொல்லிச் சிரித்தார். நான்காம் நாள் அதிகாலையில், தந்தையின் கை நெஞ்சின்மேல் இருக்க, இறந்தார். மூச்சு முட்டவில்லை.

நம் பங்குகளில்

இன்றைய நிலையை எண்ணிப் பார்க்கிறேன். சட்டத்தில் இடம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தசைச்சிதைவு, பார்க்கின்சன், மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் ஆகியவற்றைப் பட்டியலில் சேர்த்தது. தமிழக அரசின் பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரியில் 1,500 ரூபாயிலிருந்து 2,000 ரூபாயாக உயர்ந்தது. வட்டாரச் செவிலியர் இருக்கிறார். ஆனால் ஒரு செவிலியருக்கு ஒரு வட்டாரம் முழுவதும் பொறுப்பு. பகலில் ஒரு மணி நேரம் அவர் வரலாம், இரவு குடும்பத்துடையது. பைபாப் கருவிக்கு அந்தக் குடும்பம் கடன்தான் வாங்கியது. புற்றுநோய் என்றால் கடைசிக் காலம் என்று எல்லாருக்கும் தெரிகிறது. இந்த நோய்களில் பத்து, பதினைந்து ஆண்டுகள் மெல்லச் செல்வதால், எப்போது உதவி கேட்பது என்று வீட்டாருக்கும் தெரிவதில்லை, நமக்கும் தெரிவதில்லை. நடை நிற்கும் நாளிலேயே கேட்க வேண்டும்.

எங்கள் வின்சென்ட் தே பவுல் சபையினர் இப்போது இல்லச் சந்திப்புக்குப் போகும்போது நான்கு கேள்விகள் கேட்கிறார்கள். காலையில் தலைவலிக்கிறதா? இரவில் எத்தனை முறை திருப்பிப் படுக்க வைக்கிறீர்கள்? எங்கே வலிக்கிறது? வெளிக்குப் போய் எத்தனை நாள் ஆகிறது? பதிலைச் செவிலியரிடம் சொல்கிறார்கள். செபம் அதற்குப் பிறகு.

அந்த ஆக்ஸிஜன் கருவி இன்னும் பங்கு இல்லத்தில் இருக்கிறது. அதன்மேல், மருத்துவர் சீட்டு இல்லாமல் யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று என் கையால் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

தொண்டிப் பகுதிப் பங்குத்தந்தை ஒருவர்